பெயர்த் தகட்டைப் படித்துக் கிணற்றிற்கேற்ற பம்பு வாங்குதல்

சென்ற மாதம் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த நமது அங்கத்தினர் ஒருவர் சங்க அலுவலகத்திற்கு வந்து, தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பக்கத்து ஊரில் ஒருவர் தம் மின்சார பம்பை விற்க முன்வந்திருக்கிறார். அவர் பம்பின் மேலிருந்த பெயர்த் தகட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். “ஐந்து குதிரைச் சக்தி என்று போட்டிருக்கிறது, என்னிடம் இருப்பது மூன்று குதிரைதான், அதுவும் பழுதாகிவிட்டது. ஐந்து என்றால் தண்ணீர் தாராளமாக வரும் அல்லவா? விலையும் மலிவு. வாங்கிவிடலாமா, ஐயா?” என்று கேட்டார். அவருக்கு நாம் விளக்கிக் கூறியவை மற்ற அங்கத்தினர்களுக்கும் பயன்படுமாகையால் இங்கு விரிவாக எழுதுகிறோம்.

முதலில் குதிரைச் சக்தி என்பதன் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலைக்கு ஒரு குதிரைச் சக்தி என்று பெயர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே வினாடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீரை எத்தனை மீட்டர் உயரம் ஏற்றுகிறோம் என்பதைப் பெருக்கி 75 ஆல் வகுத்தால், தண்ணீர் பெறும் குதிரைச் சக்தி கிடைத்துவிடும். (இது பிரெஞ்சுக்காரர் கணக்கு. ஆங்கிலேயர் கணக்கில் ஒரு குதிரை 746 வாட்டு, பிரெஞ்சுக் கணக்கில் சுமார் 736 வாட்டு. நம் வேலைக்கு இந்த வித்தியாசம் பொருட்டல்ல.)

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ஐந்து குதிரை என்பது ஒரே அளவு வேலையைக் குறிக்கிறதே அன்றி, அந்த வேலை எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதைக் குறிப்பதில்லை. கொஞ்சம் தண்ணீரை வெகு உயரம் ஏற்றவும் ஐந்து குதிரைப் பம்பு உண்டு. ஏராளமான தண்ணீரைக் குறைந்த உயரம் ஏற்றவும் ஐந்து குதிரைப் பம்பு உண்டு. உள்ளே சுழலும் இம்பெல்லரின் விட்டமும் அகலமும் வெவ்வேறாக இருப்பதால் இரண்டும் வெவ்வேறு இயந்திரங்களே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் சரிப்படாது. எனவே தகட்டில் முதலில் பார்க்க வேண்டியது குதிரைச் சக்தியை அன்று, உயரத்தையும் நீரளவையும்தான்.

நமது அங்கத்தினர் காட்டிய படத்தில் தெரிந்தவை இவை:

```
kW/HP         3.7/5.0
HEAD          _2 m
DISCHARGE     6.0 l/s
O.A. EFF      46 %
MAX. CURRENT  9.0 A
SIZE          65 x 50 mm
```

முதல் வரி மோட்டாரின் சக்தி; முதல் எண் கிலோவாட்டு, அடுத்தது குதிரைச் சக்தி. ஒன்று தெளிவில்லாவிட்டாலும் மற்றதிலிருந்து கண்டுகொள்ளலாம். ஒரு குதிரைக்கு முக்கால் கிலோவாட்டு என்பது கணக்கு. இரண்டாம் வரி பம்பு நீரை ஏற்றவேண்டிய மொத்த உயரம், மீட்டரில். மூன்றாம் வரி அந்த உயரத்தில் வினாடிக்கு எத்தனை லிட்டர் வரும் என்பது. நான்காம் வரி பம்பும் மோட்டாரும் சேர்ந்த மொத்தத் திறன். உள்ளே வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 46 பங்குதான் தண்ணீருக்குப் போய்ச் சேர்கிறது என்று இதற்குப் பொருள். ஐந்தாம் வரி, முறையாக ஓடும்போது பம்பு இழுக்கக்கூடிய அதிகபட்ச ஆம்பியர். கடைசி வரியில் முதல் எண் இழுப்புக் குழாயின் அளவு, அடுத்தது தள்ளு குழாயின் அளவு.

படம் பிடித்தவர் கைபேசியின் விளக்கைப் போட்டுப் பிடித்திருந்தபடியால் தகட்டின் நடுவே வெளிச்சம் பட்டுத் தெறித்து, உயரத்தின் முதல் இலக்கத்தை மறைத்துவிட்டது. ‘2’ மட்டுமே தெரிந்தது. அது 12 ஆ, 22 ஆ, 32 ஆ, 42 ஆ? மற்ற வரிகளைக் கொண்டு இதை ஓரளவு ஊகிக்கலாம். வினாடிக்கு 6 லிட்டரை 12 மீட்டர் ஏற்றினால் தண்ணீருக்குச் சேரும் சக்தி 72 ஐ 75 ஆல் வகுத்தால் வருவது, அதாவது ஒரு குதிரைக்கும் சற்றுக் குறைவு. திறன் 46 என்பதால் வாங்கும் மின்சாரம் இரண்டு குதிரைதான் ஆகும். அதற்கு ஐந்து குதிரை மோட்டாரை எவரும் பொருத்தமாட்டார்கள். 22 என்றால் வாங்குவது சுமார் 3.8 குதிரை, இதற்கும் அந்த மோட்டார் மிகை. 32 என்றால் 5.6 குதிரை. 42 என்றால் 7.3 குதிரை. ஐந்து குதிரை மோட்டார் முழுப் பளுவில் ஓடும்போது தன்னுடைய சொந்த நஷ்டத்தையும் சேர்த்து ஏறக்குறைய 6 குதிரையளவு மின்சாரம் வாங்கும். ஆகவே 42 முடியாது, 32 பொருந்துகிறது. பம்பின் சொந்தக்காரரிடம் சொல்லி, விளக்கைப் போடாமல், தகட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் பிடித்தனுப்பச் சொன்னோம். அதில் 32 என்றே இருந்தது. முன்பு மறைந்திருந்த மற்றொரு வரியும் தெரிந்தது:

```
HEAD RANGE    24 - 36 m
```

இந்த வரியைத்தான் பலர் கவனிப்பதில்லை. எந்த உயரத்திலிருந்து எந்த உயரம்வரை இந்தப் பம்பை ஓட்டலாம் என்று செய்தவர்களே சொல்லும் எல்லை இது. 24 மீட்டர் என்றால் 79 அடி. 36 மீட்டர் என்றால் 118 அடி. இனி நம் அங்கத்தினருடைய கிணறு இந்த எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

கிணற்றின் உயரத்தைக் கணக்கிடும்போது நம்மவர் செய்யும் பெரிய தவறு, கிணற்றின் ஆழத்தையே உயரமாக எண்ணிவிடுவது. பம்புக்குத் தெரிவது தண்ணீர் மட்டம் மட்டுமே. அதற்குக் கீழே கிணறு எவ்வளவு ஆழம் என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. பாகூர்ப் பக்கத்துக் குழாய்க் கிணறுகளிலும் இதே கதைதான். 200 அடி துளை போட்டோம், ஆகவே 200 அடி உயரத்திற்கான நீர்மூழ்கிப் பம்பு வேண்டும் என்று கேட்கிறார்கள். துளை 200 அடியானாலும், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் 60 அடியில் நின்றால், கணக்கில் வருவது அந்த 60 அடிதான். 1880 களில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுவைப் பகுதியில் துளைத்த ஊற்றுக் குழாய்கள் சிலவற்றில் தண்ணீர் தானாகவே தரைக்கு மேல் எழுந்தது. அந்தத் துளைகள் எவ்வளவு ஆழமாயினும் தரைவரை நீரேற்றும் உயரம் சூன்யமே!

இரண்டாவது தவறு, தண்ணீர் மட்டத்தைக் கார்த்திகையில் அளப்பது. சித்திரை, வைகாசியில், பம்பை மூன்று நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளக்கவேண்டும். ஓடாத கிணற்றின் மட்டம் வேறு, ஓடும் கிணற்றின் மட்டம் வேறு.

நம் அங்கத்தினருடைய கிணறு 6 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கிணறு. கோடையில் பம்பு ஓடாதபோது தண்ணீர் தரையிலிருந்து 5 மீட்டர் கீழே நிற்கிறது. இறைக்க இறைக்க 8 மீட்டர் வரை இறங்குகிறது. கிணற்றுக்குள்ளே தரையிலிருந்து 4 மீட்டர் கீழே ஒரு மேடை கட்டி, அதன்மீது பம்பு வைத்திருந்தார். (ஐப்பசி மழைக்கு முன் பம்பை மேலே தூக்கிவிடுவது அவர் வழக்கம். தூக்க மறந்த ஒரு வருஷத்தில் மோட்டார் முழுகிவிட்டதையும் ஒப்புக்கொண்டார்.) தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் தண்ணீர் தொட்டியில் விழவேண்டும். தொட்டி கிணற்றோரத்தில் இல்லை. மேட்டுக் கழனியின் தலைமாட்டில், 80 மீட்டர் தூரத்தில், புதைத்த குழாயின் கடைசியில் இருக்கிறது. குழாயின் உள்விட்டம் 80 மில்லி மீட்டர்.

கோடையில் கடைசி மட்டத்திலிருந்து பம்புவரை இழுப்பு உயரம் 4 மீட்டர். பம்பிலிருந்து தொட்டி வாய்வரை தள்ளு உயரம் 5 மீட்டர். இரண்டும் சேர்ந்து 9 மீட்டர். இதோடு குழாயின் உராய்வைச் சேர்க்கவேண்டும். இந்தக் குழாயில் வினாடிக்கு 8 லிட்டர் ஓடினால் நூறு மீட்டர் நீளத்திற்குச் சுமார் மூன்றேகால் மீட்டர் உயரம் உராய்விலேயே வீணாகும். 80 மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர். இழுப்புக் குழாய், புட்வால்வு, வளைவுகள் ஆகியவற்றையும் கூட்டினால் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 13 மீட்டர், அதாவது 43 அடி. ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: நீரளவு கூடினால் உராய்வு அதைவிட வேகமாகக் கூடும். இரு மடங்கு தண்ணீர் ஓடினால் உராய்வு ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஆகிவிடும்.

கிணறு கேட்பது 13 மீட்டர். விலைக்கு வந்த பம்பின் எல்லையோ 24 இல்தான் ஆரம்பமாகிறது. “உயரமாக ஏற்றும் பம்பு குறைவாக ஏற்றுவதில் என்ன சிரமம்?” என்று அங்கத்தினர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாட்டு வண்டியில் பாரம் குறைந்தால் மாட்டுக்குச் சுகம். ஆனால் இந்தவகைப் பம்பில் விஷயம் தலைகீழ். எதிரே நிற்கும் உயரம் குறைந்தால் பம்பு மிதமிஞ்சித் தண்ணீரைத் தள்ள ஆரம்பிக்கிறது. தண்ணீர் கூடக்கூட மோட்டாரின் மேல் சுமை ஏறுகிறது. ஆம்பியர் தகட்டிலுள்ள 9 ஐத் தாண்டுகிறது. ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுகிறது. ஸ்டார்ட்டர் விழுகிறதே என்று அதன் திருகைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள், காயில் கருகிப்போகிறது. அன்றியும், அத்தனை தண்ணீரும் 65 மில்லி மீட்டர் வாயின் வழியே விரைந்து வரவேண்டியிருப்பதால் இழுப்புப் பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, பம்பினுள்ளே நீராவிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன. பம்புக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஓசை கேட்டால் அதுவே அடையாளம். சில மாதங்களில் இம்பெல்லர் அரித்துப்போகும்.

சிலர் தள்ளு குழாயிலுள்ள வால்வைப் பாதி மூடி இதைச் சரிக்கட்டுகிறார்கள். மோட்டார் பிழைக்கும், உண்மை. ஆனால் இல்லாத உயரத்தை வால்வினால் உண்டாக்கி, அதை ஏற்றுவதற்கு மின்சாரம் செலவிடுவதே இதன் பொருள். இதற்கு மாறான தவறும் உண்டு. குறைந்த உயரத்திற்கான பம்பை உயர்ந்த இடத்திற்கு வைத்தால் மோட்டார் சுகமாக ஓடும், ஆம்பியரும் குறையும், தொட்டியில்தான் தண்ணீர் விழாது.

அப்படியானால் இந்தக் கிணற்றுக்கு எத்தனை குதிரை வேண்டும்? வினாடிக்கு 8 லிட்டர், 13 மீட்டர் உயரம், பெருக்கினால் 104. அதை 75 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4 குதிரை. பம்பின் திறன் நூற்றுக்கு அறுபது என்று வைத்தால், மோட்டார் தரவேண்டியது 2.3 குதிரை. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு மூன்று குதிரை. அதாவது, பழுதான பழைய மோட்டாரின் அளவு தவறானதே அல்ல! (இங்கே பம்பின் திறனை மட்டும் எடுத்தோம். தகட்டிலுள்ள மொத்தத் திறனில் மோட்டாரின் நஷ்டமும் அடங்கிவிட்டது. அதைக் கொண்டு வகுத்தால் வருவது வாங்கும் மின்சாரம், மோட்டாரின் அளவு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு வேண்டாத பெரிய மோட்டாரை வாங்கியவர்கள் உண்டு.)

பிறகு அவர் வேறொரு கடைக்குச் சென்று, மூன்று குதிரைப் பம்பு ஒன்றின் தகட்டைப் படம் பிடித்து வந்தார்.

```
kW/HP         2.2/3.0
HEAD          14 m
DISCHARGE     9.0 l/s
HEAD RANGE    8 - 18 m
MAX. CURRENT  5.5 A
SIZE          80 x 80 mm
```

ஐந்து குதிரை 6 லிட்டர் தருவதாகச் சொல்ல, மூன்று குதிரை 9 லிட்டர் தருவதாகச் சொல்கிறதே என்று அவர் வியந்தார். ஒன்று 105 அடி ஏற்றுகிறது, மற்றது 46 அடி. வியப்பு அவ்வளவுதான். நம் கிணற்றில் 9 லிட்டர் ஓடினால் உராய்வு 4 மீட்டரிலிருந்து 5 மீட்டராகும். 9 மீட்டரோடு சேர்த்து 14. தகட்டிலுள்ள உயரமும் 14. இவ்வளவு சரியாகப் பொருந்துவது அபூர்வமே. ஒன்றிரண்டு மீட்டர் வித்தியாசம் இருந்தாலும் குறையில்லை. மழைக்குப் பின் தண்ணீர் மேலேறி நிற்கையில் உயரம் 11 அல்லது 12 மீட்டராகக் குறையும். அப்போதும் 8 முதல் 18 என்ற எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

இனி இழுப்பு. தரைமேல் வைக்கும் இத்தகைய பம்பு தண்ணீரை உண்மையில் ‘இழுப்பதில்லை’. பம்பினுள் வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்று தாங்கக்கூடிய நீர்த்தூண் 10.3 மீட்டர். உராய்வும் மற்ற நஷ்டங்களும் போக, 6 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. இது எத்தனை குதிரை போட்டாலும் மாறாது. ஐந்து குதிரை 32 மீட்டர் ஏற்றும் என்பது முழுவதும் தள்ளுவதற்கான பேச்சு. இழுப்பதில் மூன்றும் ஐந்தும் ஒன்றே. நம் அங்கத்தினர் மேடை கட்டாமல் பம்பைத் தரையிலேயே வைத்திருந்தால், கோடையில் 8 மீட்டர் இழுக்கவேண்டியிருக்கும். எந்தப் பம்பும் தோற்றுவிடும். வருங்காலத்தில் மட்டம் மேடையிலிருந்து 6 மீட்டருக்குக் கீழே போனால், அவர் கிணற்றில் மூழ்கி ஓடும் பம்புக்கு மாறவேண்டியதுதான். எந்த வகைப் பம்பு என்பதைத் தகட்டிலுள்ள இந்தியத் தர எண்ணே காட்டிவிடும்: தரைமேல் வைக்கும் ஒற்றைக்கட்டுப் பம்புக்கு 9079, திறந்த கிணற்றில் மூழ்கி ஓடுவதற்கு 14220, குழாய்க் கிணற்று நீர்மூழ்கிக்கு 8034. படத்தில் இந்த எண்ணும் விழும்படி பார்த்துக்கொள்ளவேண்டும்.

பம்பு பொருந்தினால் போதாது, கிணறு அதற்கு ஈடுகொடுக்கவேண்டும். கிணற்றை 8 மீட்டர் வரை இறைத்து நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கச் சொன்னோம். அரை மீட்டர் ஏறியது. ஆறு மீட்டர் குறுக்களவுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் உயரம் என்பது சுமார் 28,000 லிட்டர். அரை மீட்டர் 14,000 லிட்டர். ஆக ஊற்று வினாடிக்கு ஏறக்குறைய 4 லிட்டர். பம்பு எடுப்பது 9. கிணற்றின் சேமிப்பிலிருந்து குறைவது 5. ஐந்து மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் வரையுள்ள சேமிப்பு சுமார் 85,000 லிட்டர். இது தீர நாலே முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் மொத்தம் ஒன்றரை இலட்சம் லிட்டர் வந்துவிடும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 5 செண்டி மீட்டர் நீர் கட்ட இரண்டு இலட்சம் லிட்டர் வேண்டும். ஆகையால் ஒரு நாளில் முக்கால் ஏக்கர் பாயும். இதைவிடப் பெரிய பம்பை வைத்தால் ஊற்று பெருகப்போவதில்லை. கிணறு சீக்கிரம் வற்றிப் பம்பு காற்றை இழுக்கும், அவ்வளவே. முன்கூட்டியே கணக்கிட்டதில் அவர் கேட்டது “ஐந்தா மூன்றா” என்பதை விட்டு, “நான்கரை மணிக்கு மேல் ஓட்டாதிருக்க என்ன செய்வது?” என்பதற்கு மாறிவிட்டது.

பழைய பம்பானால் தகட்டை முழுதும் நம்பவும் கூடாது. மோட்டார் மறுபடி காயில் கட்டப்பட்டிருக்கலாம். இம்பெல்லர் மாற்றியோ கடைந்து சிறிதாக்கியோ இருக்கலாம். வேறு பம்பின் தகடே ஒட்டப்பட்டிருக்கலாம். தகட்டைச் சுற்றி ஆணி புதிதாகவும் பெயிண்ட் வேறு நிறமாகவும் இருந்தால் சந்தேகிக்க இடமுண்டு. பணம் கொடுக்குமுன் ஓட்டிப் பார்த்துவிடுவதே நலம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்து, நிறைய எத்தனை வினாடி என்று பார்த்தால், 9 லிட்டர் பம்பு 22 வினாடியில் நிறைக்கவேண்டும். 30 வினாடி ஆனால் வருவது ஆறரை லிட்டர்தான். அதே நேரத்தில் வயர்மேனிடம் உள்ள கவ்வு ஆம்பியர் மீட்டரை மூன்று வயர்களிலும் மாட்டிப் பார்க்கவேண்டும். மூன்றும் ஏறக்குறைய சமமாகவும், தகட்டிலுள்ள உச்சத்துக்கு உள்ளாகவும் இருக்கவேண்டும். தண்ணீர் குறைவு, ஆம்பியரும் குறைவு என்றால் புட்வால்வு அடைப்போ, இழுப்புக் குழாயில் காற்றுக் கசிவோ, கிணற்றின் உயரம் மிகுதியோ காரணமாகலாம். தண்ணீர் மிகுதி, ஆம்பியரும் மிகுதி என்றால் பம்பின் உயரம் கிணற்றுக்கு மிஞ்சியது. தண்ணீர் குறைவு, ஆம்பியர் மட்டும் மிகுதி என்றால் பேரிங் தேய்வோ, இம்பெல்லர் உரசுவதோ, மின்னழுத்தக் குறைவோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

படம் பிடிப்போருக்கு ஒரு வார்த்தை. தகடு முழுவதும் ஒரே படத்தில், நான்கு மூலையும் தெரிய விழவேண்டும். அதன்பின் ஒவ்வொரு பாதியையும் நெருங்கி ஒரு படம், பம்பையும் குழாய் வாயையும் சேர்த்து ஒரு படம். அதனுடன் கோடையில் ஓட்டியபின் தண்ணீர் மட்டம், பம்பு இருக்கும் இடத்தின் ஆழம், தொட்டி வாயின் உயரம், குழாயின் நீளமும் உள்விட்டமும், ஒரு மணியில் ஊற்று ஏறும் அளவு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், சங்க அலுவலகத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.